வயிற்றுப் புண்ணும் பதினான்கு நாளும்

முட்டுக்காட்டில் நெஞ்சு கரிக்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது என்று யார் சொன்னாலும் வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி, "கேஸ் மாத்திரை போட்டியா?" என்பதுதான். கோவளத்திலோ கேளம்பாக்கத்திலோ மருந்துக் கடைக்குப் போனால் சீட்டு இல்லாமலே ஓர் அட்டை வாங்கி வந்துவிடலாம். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. பத்து நாளில் எரிச்சல் அடங்கும். நிறுத்தினால் சில வாரத்தில் திரும்பும். திரும்பினால் இன்னோர் அட்டை.

உப்பங்கழியில் படகு ஓட்டும் நாற்பது சொச்சம் வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தனி ஆள் இல்லை. இந்தக் கரையோரத்தில் கேட்கக் கிடைக்கும் பல பேருடைய கதையை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கிறேன். இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு மேல்வயிற்றில் ஒரு வலி அவரை எழுப்பிவிடும். இரண்டு பிஸ்கெட் தின்றால் குறையும். மூன்று ஆண்டாகக் கேஸ் மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் டாக்டரிடம் போகிறார். டாக்டர் மலப் பரிசோதனை ஒன்று எழுதித் தருகிறார். இரண்டு நாள் கழித்து வரும் தாளில் 'ஹெலிகோபாக்டர் பைலோரி ஆன்டிஜென்: பாசிட்டிவ்' என்று இருக்கிறது. பெயரே பயமுறுத்துகிறது. மகன் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுப் 'புற்றுநோய்' என்ற சொல்லைப் படித்துக் காட்டுகிறான். அன்றிரவு வலியில்லாமலே தூக்கம் போகிறது.

இவருடைய தாத்தா காலத்தில் இதே வலிக்கு என்ன நடந்திருக்கும்?

நெய்யூருக்குப் போக வேண்டும். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அப்போது தென்திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே லண்டன் மிஷன் மருத்துவமனையில் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய சர்ஜன் வேலை பார்த்தார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறியவர். இரண்டாம் முறை ஆக்சிஜன் இல்லாமலே சுமார் 28,000 அடி வரை போனவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது நெய்யூரில் குவிந்து கிடந்த நோயாளிகளைக் கண்டு அங்கேயே வேலை பார்ப்பது என்று முடிவு செய்தார். அவர் கத்திக்கு அதிகம் வந்த நோய்களில் ஒன்று முன்சிறுகுடல் புண். 1936இல் அவரும் அவருடன் வேலை பார்த்த ஆர் என்ற டாக்டரும் சேர்ந்து பிரிட்டிஷ் அறுவைச் சிகிச்சை இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்கு அடிப்படை 2,500 நோயாளிகள். உலகின் எந்தப் பெரிய நகரத்து மருத்துவமனையும் பொறாமைப்படக்கூடிய எண்ணிக்கை, ஒரு கிராமத்து மருத்துவமனையிலிருந்து.

வந்தவர்களில் பலர் கடைசிக் கட்டத்தில் வந்தார்கள். புண் ஆறி, திரும்ப வந்து, மறுபடி ஆறி, தழும்பு ஏறி, இரைப்பையின் வாசலே சுருங்கிப்போயிருக்கும். காலையில் தின்ற சோறு மாலையில் அப்படியே வாந்தியாக வரும். சிலர் பொழுது சாய்ந்ததும் தாங்களே விரலைப் போட்டு வாந்தி எடுத்துவிட்டுத்தான் படுப்பார்கள். அப்போது டாக்டர் செய்யக்கூடியது ஒன்றே: அடைத்த வாசலை விட்டுவிட்டு, இரைப்பையில் வேறோர் இடத்தில் துளை போட்டுச் சிறுகுடலை நேராகத் தைத்து, சோற்றுக்கு மாற்று வழி அமைப்பது. ஆள் பிழைத்துக்கொள்வார், சாப்பிடுவார், எடை ஏறும். ஆனால் அமிலம் சுரப்பது நிற்காது. சிலருக்குச் சில ஆண்டு கழித்து அந்தத் தையல் இடத்திலேயே புதுப் புண் கிளம்பும்.

ஏன் இந்தப் பகுதியில் இவ்வளவு புண் என்ற கேள்விக்கு அன்று எல்லோரும் தட்டைத்தான் பார்த்தார்கள். குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மெக்கரிசன், சென்னை மாகாணத்து ஏழைகளின் சாப்பாட்டையும் திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிச் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர்ச் சாப்பாடு தின்ற எலிகளுக்கு இரைப்பைப் புண் கூடுதலாக வந்தது. பிறகு ரயில்வே டாக்டர் மல்ஹோத்ராவும், மைசூரில் வேலை பார்த்த ஃபிராங்க் டோவியும், கோதுமை தின்னும் வடக்கைவிட அரிசி தின்னும் தெற்கில் புண் அதிகம் என்று எழுதினார்கள். இவர்கள் பார்த்த வேறுபாடு பொய்யல்ல. சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் முதல் குற்றவாளி தட்டில் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது என்று பாடப் புத்தகமே சொன்ன காலம் அது.

அடுத்த தலைமுறையில் கத்தி கொஞ்சம் நுணுக்கமானது, அவ்வளவுதான். அமிலம் சுரக்கச் சொல்லி மூளையிலிருந்து இரைப்பைக்கு வரும் நரம்பை வெட்டிவிட்டு, கூடவே மாற்று வழியும் தைப்பது 1960களிலும் 70களிலும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வாடிக்கையாக நடந்த ஆபரேஷன். மார்பெலும்பிலிருந்து தொப்புள் வரை நீளும் தழும்பைச் சட்டை தூக்கிக் காட்டி 'அல்சர் ஆபரேஷன்' என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குச் சாப்பிட்டு முடித்த கையோடு நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், படுத்தால்தான் சரியாகும். வேறு சிலருக்கு வயிற்றுப்போக்கு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கத்திக்குப் போகாதவர்களுக்குப் பாலும் மோரும் மணத்தக்காளிக் கீரையும் காரமில்லாத சோறும் விதிக்கப்பட்டன. மனசில் கவலை வைத்துக்கொள்ளாதே என்ற அறிவுரையும் சேர்ந்து கிடைத்தது.

1970களின் இறுதியில் அமிலத்தைக் குறைக்கும் நல்ல மாத்திரைகள் வந்தன. புண் ஆறியது. நிறுத்தினால் ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்குத் திரும்பியது. நம் படகுக்காரர் மூன்று ஆண்டாகக் கேஸ் மாத்திரையில் செய்துகொண்டிருந்தது அந்தக் காலத்து வைத்தியத்தைத்தான்.

விடை வந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து. அங்கே ராபின் வாரன் என்ற நோய்க்கூறு மருத்துவர், இரைப்பைத் திசுத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்க்கும்போதெல்லாம் திருகலான ஒரு கிருமியைக் கண்டார். இளம் டாக்டர் பாரி மார்ஷல் அதை வளர்க்க முயன்றார். தட்டுகளை இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒன்றும் வளரவில்லை என்று ஆய்வகத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு ஐந்து நாள் கிடந்துவிட்டது. கிருமி வளர்ந்திருந்தது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. சோமர்வெல் 1975இல் இறந்தார். தன் வாழ்நாளெல்லாம் தைத்த நோய்க்குக் காரணம் என்னவென்று தெரியாமலே போய்விட்டார் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் உறுத்தும் விஷயம்.

அமிலத்தில் அந்தக் கிருமி எப்படிப் பிழைக்கிறது? யூரியாவை உடைக்கும் ஒரு நொதி அதனிடம் ஏராளமாக இருக்கிறது. உடைத்தால் அமோனியாவும் கரியமில வாயுவும் கிடைக்கும். அமோனியா சுற்றியுள்ள அமிலத்தை முறிக்கும். அந்தச் சிறு வட்டத்துக்குள் கிருமி சுகமாக இருக்கும். இன்றைய மூச்சுப் பரிசோதனை முழுக்க இந்த ஒரு தந்திரத்தின்மேல் நிற்கிறது. முதலில் ஒரு பையில் ஊதச் சொல்வார்கள். பிறகு, கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பன் சேர்த்த யூரியாவைக் குடிக்கச் சொல்வார்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு பையில் ஊத வேண்டும். வயிற்றில் கிருமி இருந்தால் அந்த யூரியா உடைந்து, கனமான கார்பன் ரத்தத்தில் ஏறி, நுரையீரல் வழியாக மூச்சில் வந்துவிடும். இரண்டு பைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாளில் அச்சாகும் எண். இந்த வகையில் கதிர்வீச்சு இல்லை. கார்பன்-14 வைத்துச் செய்யும் இன்னொரு வகையில் மிகச் சிறிய அளவு கதிர்வீச்சு உண்டு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைச் செய்ய மாட்டார்கள்.

அந்த எண்ணை வைத்து ஒரு குழப்பம் நடக்கிறது. ஒருவருக்கு 9, இன்னொருவருக்கு 30 என்று வந்தால், முப்பதுக்காரர் தனக்கு நோய் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். அப்படி இல்லை. அந்தக் கருவிக்கு வைத்த எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. தாண்டினால் கிருமி இருக்கிறது. புண் இருக்கிறதா, எவ்வளவு பெரியது என்பதை அந்த எண் சொல்லாது.

நம் படகுக்காரருக்குச் செய்தது மலப் பரிசோதனை. கிருமியின் உடைந்த துண்டுகள் மலத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. விலை குறைவு, ஊதத் தேவையில்லை, எல்லா லேபிலும் கொடுக்கலாம். சுத்தமான டப்பாவில் சிறிதளவு போதும். தண்ணீரோ சிறுநீரோ கலக்கக் கூடாது. உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். தண்ணீராகப் போகும் நாளில் எடுத்தால் முடிவை அவ்வளவாக நம்ப முடியாது.

இரண்டு பரிசோதனைக்கும் பொதுவான எதிரி அந்தக் கேஸ் மாத்திரைதான். ஒமெப்ரசோல், பேன்டோபிரசோல், ரபெப்ரசோல் எதுவானாலும் கிருமியை அடக்கிவைக்கும், கொல்லாது. மாத்திரை தின்றுகொண்டே பரிசோதனை செய்தால், கிருமி இருந்தும் 'நெகட்டிவ்' என்று வரலாம். அதனால் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் அதை நிறுத்தச் சொல்வார்கள். ஆன்டிபயாடிக்கும் பிஸ்மத் மருந்தும் தின்றிருந்தால் நான்கு வாரம். இடையில் எரிந்தால் அமிலத்தை முறிக்கும் சிரப் குடித்துக்கொள்ளலாம். நம் ஆள் நிறுத்தினாரா? இல்லை. ஆனால் அவருக்கு வந்தது பாசிட்டிவ். மாத்திரை பொய்யான நெகட்டிவைத்தான் உண்டாக்கும், பொய்யான பாசிட்டிவை அல்ல. எனவே அவருடைய முடிவு செல்லும். அதே நாளில் அதே லேபில், மாத்திரை போட்டுக்கொண்டே கொடுத்து 'நெகட்டிவ்' என்று தாள் வாங்கிப் போனவர்தான் ஏமாந்தவர்.

சில லேபுகளில் இதே கிருமிக்கு ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். அது எதிர்ப்பொருளைப் பார்ப்பது. கிருமி போய்ப் பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழிந்தும் அது பாசிட்டிவாகவே காட்டும். இன்று இருக்கிறதா என்று தெரிய அது உதவாது.

பாசிட்டிவ் தாளோடு போனவரை டாக்டர் முதலில் ஒன்றும் எழுதாமல் கேள்வியாகக் கேட்கிறார். எடை குறைந்ததா? சாப்பாடு விழுங்கும்போது அடைக்கிறதா? ரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம் போனதுண்டா? ரத்தசோகை என்று யாராவது சொன்னார்களா? வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்ததா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றாலும், அல்லது வயது ஐம்பது, ஐம்பத்தைந்தைத் தாண்டிப் புதிதாக வலி வந்தாலும், எண்டோஸ்கோப்பி பார்த்த பிறகே மற்றதெல்லாம். நம் ஆளுக்கு இவை எதுவும் இல்லை. அடுத்த கேள்விக்கு அவர் கொஞ்சம் தயங்குகிறார்: "உடம்பு வலிக்கு மாத்திரை போடுவீங்களா?" நாள் முழுக்கத் துடுப்பும் மோட்டாரும் பிடிக்கிற தோள். டைக்ளோஃபெனாக் வாரத்தில் நாலைந்து நாள். இந்த வலி மாத்திரை கிருமி இல்லாமலே இரைப்பையில் புண் உண்டாக்கும். கிருமியும் சேர்ந்தால் ஆபத்து கூடும். கிருமியை ஒழித்துவிட்டு வலி மாத்திரையைத் தொடர்ந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

பிறகு பயத்துக்குப் பதில். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இந்தக் கிருமி இருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதிலேயே வீட்டுக்குள் வாய்வழியாகத் தொற்றுவது. சுமப்பவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு வாழ்நாளில் புண் வரலாம். இரைப்பைப் புற்றுநோய் நூற்றில் ஒருவர், இருவருக்கு. 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுக் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது உண்மைதான். மகன் படித்ததும் அதைத்தான். ஆனால் 'பாசிட்டிவ்' என்றால் புற்றுநோய் என்று பொருள் இல்லை. அந்தச் சிறிய ஆபத்தையும் குறைக்க ஒரு வழி இருக்கிறது என்றுதான் பொருள்.

அந்த வழியில்தான் நம்மூர்ச் சிக்கல் தொடங்குகிறது.

இதற்கென்றே மருந்துக் கடையில் ஒரு 'கிட்' விற்கிறது. ஒரு நாளைக்கு ஓர் அட்டை. அதில் ஓர் அமிலக் குறைப்பி, கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின். சில கிட்டில் அமாக்சிசிலினுக்குப் பதில் டினிடசோல். ஏழு நாள் தின்றால் முடிந்தது என்று கொடுப்பார்கள். 1990களில் பல நாடுகளில் இது நன்றாக வேலை செய்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் பிற நகரத்து ஆய்வாளர்களும் சேர்ந்து, வயிற்றுத் தொல்லைக்காரர்களிடமிருந்து கிருமியை எடுத்து எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தால், இங்கே அது ஏன் தடுமாறுகிறது என்று புரியும். மெட்ரோனிடசோலுக்கு நூற்றில் 78 கிருமிகள் அசையவில்லை. கிளாரித்ரோமைசினுக்கு 45. அமாக்சிசிலினுக்கு 33. மற்ற நகரங்களைவிடச் சென்னையிலும் ஹைதராபாத்திலும் எதிர்ப்பு கூடுதல். இருபது ஆண்டுக்கு மேலான கணக்கு இது. அதற்குப் பிறகு நாம் சளிக்கும் காய்ச்சலுக்கும் அசித்ரோமைசின் தின்றிருக்கும் அளவைப் பார்த்தால், நிலைமை சீரடைந்திருக்கும் என்று நம்பக் காரணம் ஒன்றும் இல்லை. அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பம். மூன்று மாத்திரை அசித்ரோமைசின் போட்டு இரைப்பையில் இருக்கும் இந்தக் கிருமி சாகாது, ஆனால் பழகிக்கொள்ளும்.

ஆகவே இன்று, எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று தெரியாத இடத்தில், முதல் தேர்வாகச் சொல்லப்படுவது நான்கு மருந்துச் சேர்க்கை, பதினான்கு நாள். அமிலக் குறைப்பி காலையும் இரவும், சாப்பாட்டுக்கு அரை மணி முன். பிஸ்மத், 500 மில்லிகிராம் டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் மூன்றும் ஒரு நாளைக்கு நான்கு வேளை, சாப்பாட்டோடும் படுக்கும் முன்பும். மெட்ரோனிடசோலை மூன்று வேளையாக எழுதுவோரும் உண்டு. மெட்ரோனிடசோலுக்கு 78 பேரிடம் எதிர்ப்பு என்றாயே, அதையே ஏன் எழுதுகிறார்கள் என்று கேட்கலாம். பிஸ்மத்தோடு சேர்த்து, முழு அளவில், முழு இரண்டு வாரம் கொடுத்தால் அந்த எதிர்ப்பில் பெரும்பகுதியைத் தாண்டிவிடலாம். ஏழு நாளில், குறைந்த அளவில் கொடுத்தால் தாண்ட முடியாது.

வேளைக்கு ஒரு மாத்திரை என்று கணக்குப் போட்டாலும் நாளைக்கு 14, இரண்டு வாரத்துக்கு 196. அன்று வேலையெல்லாம் சோமர்வெல்லின் கையில் இருந்தது. நோயாளி மயக்கத்தில் கிடந்தால் போதும். இன்று சர்ஜன் இல்லை. 196 மாத்திரையையும் நேரம் தவறாமல் விழுங்கும் வேலை முழுவதும் படகுக்காரருடையது. இதை யாரும் அவருக்கு வாய்விட்டுச் சொல்வதில்லை.

முதல் தடுமாற்றம் கடையிலேயே வருகிறது. டெட்ராசைக்ளின் பல கடைகளில் இருப்பதில்லை. "அதுக்குப் பதிலா இது, ரெண்டும் ஒண்ணுதான்ணே" என்று டாக்சிசைக்ளின் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரே குடும்பம் என்பது சரி, ஆனால் இந்தக் கிருமிக்கு டாக்சிசைக்ளின் அந்த அளவுக்கு வேலை செய்வதில்லை. மாற்றுவதானால் டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். கேட்டால் அமாக்சிசிலின் வைத்து வேறு சேர்க்கை எழுதலாம், பென்சிலின் ஒவ்வாமை இல்லை என்றால்.

அடுத்தது தேநீர். டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் பாலிலுள்ள கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் இதே கதை. காலை டீயோடு மாத்திரை போடும் பழக்கத்தை விட்டு, வெறும் தண்ணீரில் விழுங்கி, இரண்டு மணி கழித்து டீ குடிக்க வேண்டும். தண்ணீரும் ஒரு முழு டம்ளர் வேண்டும். இரவில் ஒரு மிடறோடு விழுங்கி உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கே புண்ணாக்கும். அடுத்தது வெயில். டெட்ராசைக்ளின் தின்னும்போது தோல் வெயிலுக்கு எளிதில் கன்றிப்போகும். தண்ணீரில் பட்டு எதிரொளிக்கும் கழிமுக வெயில் இரட்டை வெயில். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டுத்தான் படகில் உட்கார வேண்டும். சாயங்காலத்தில் நண்பர்களோடு குடிக்கும் பழக்கம் இருந்தால் மெட்ரோனிடசோல் முடிந்து மூன்று நாள் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரக்கூடும்.

மூன்றாம் நாள் நாக்கு கறுப்பாகிறது. மலமும் கறுப்பு. டாக்டர் கேட்ட 'கறுத்த மலம்' நினைவுக்கு வந்து பயந்துபோய் மருந்தை நிறுத்துகிறவர்கள் இங்கேதான் நிறுத்துகிறார்கள். இது பிஸ்மத்தின் நிறம், மருந்து முடிந்ததும் போய்விடும். ரத்தம் கசிந்து வரும் கறுப்பு வேறு. அது தார்போல ஒட்டும், நாற்றம் கடுமையாக இருக்கும், தலைசுற்றலும் களைப்பும் கூட வரும். அப்படி இருந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாயில் தகரம் வைத்ததுபோன்ற கசப்பு மெட்ரோனிடசோலின் வேலை. சோறு ருசிக்காது. ஏழெட்டு நாளில் வலி முற்றும் அடங்கியிருக்கும். வலி போன பிறகு இந்தக் கசப்பை எதற்குச் சகிக்க வேண்டும் என்று தோன்றும் அந்த இரண்டாவது வாரத்தில்தான் சிகிச்சை வெல்வதும் தோற்பதும். பாதியில் நிறுத்தினால், தப்பிப் பிழைத்த கிருமி இன்னும் கெட்டியானதாக இருக்கும்.

மருந்து முடிந்ததும் கதை முடிந்தது என்று பலர் போய்விடுகிறார்கள். அதிகம் விட்டுப்போகும் படி இதுதான்: கிருமி உண்மையில் ஒழிந்ததா என்று மறுபடி பார்ப்பது. வலி போனதை வைத்துச் சொல்ல முடியாது. அமிலக் குறைப்பியே வலியைப் போக்கிவிடும். கிருமி போயும் வலி இருக்கலாம். புண் இல்லாமல் வெறும் அஜீரணத்துக்காக மருந்து தின்றவர்களில், கிருமியை ஒழித்ததால் மட்டுமே குணமடைகிறவர் ஏறத்தாழ 14 பேருக்கு ஒருவர் என்பது ஆய்வுகளின் தொகுப்புக் கணக்கு. மற்றவர்களுக்கு எரிச்சல் தொடரலாம், அதற்கு வைத்தியம் தனி. உண்மையான புண் இருந்தவர்களுக்கோ பலன் பெரிது. கிருமி போனால் புண் திரும்புவது அரிது.

மறுபரிசோதனைக்கு நாள் குறிப்பது சுலபம். மார்ச் 1 அன்று மருந்து தொடங்கினால் 14 அன்று முடியும். அதிலிருந்து நான்கு வாரம், ஏப்ரல் 11. அதற்கு முன் மூச்சோ மலமோ கொடுக்க வேண்டாம். கேஸ் மாத்திரை தொடர்ந்தால் மார்ச் 28 அன்றே அதையும் நிறுத்த வேண்டும். முந்திக்கொண்டு பார்த்தால், அடிபட்டு எண்ணிக்கை குறைந்து கிடக்கும் கிருமி கண்ணில் படாமல் பொய்யான நிம்மதி கிடைக்கும். ரத்தப் பரிசோதனை இங்கே அறவே உதவாது.

நம் படகுக்காரருக்கு அந்த ஏப்ரலில் நெகட்டிவ் வந்தது என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் அப்படி வராது. மறுபடி பாசிட்டிவ் வந்தால் டாக்டர் முதலில் கேட்பது எத்தனை மாத்திரை விட்டுப்போனது என்பது. எதையும் விடவில்லை என்றால், தோற்ற சேர்க்கையில் கிளாரித்ரோமைசினோ லெவோஃப்ளாக்சசினோ இருந்திருந்தால் அதைத் திரும்ப எழுதக் கூடாது. முன்பு கிட் தின்றவருக்குப் பிஸ்மத் சேர்க்கை கொடுக்கலாம். அதையும் முழுதாகத் தின்று தோற்றவருக்கு எண்டோஸ்கோப்பியில் துணுக்கு எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்தோ, அதன் மரபணுவைப் பார்த்தோ மருந்து தேர்ந்தெடுப்பார்கள். மேலை நாடுகளில் இந்தக் கட்டத்தில் ரிஃபாபுட்டின் எழுதுவார்கள். அது காசநோய் மருந்தின் உறவு. காசநோய் இவ்வளவு இருக்கும் நம் ஊரில் வயிற்றுக்காக அதை எடுக்க டாக்டர்கள் யோசிப்பது நியாயம்தான்.

கடைசியாக வீட்டுக்காரர்கள். ஒரே வீட்டில் ஒரே கிருமி இருப்பது சகஜம். அதற்காக எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நம்மூரில் பொதுவாக யாரும் சொல்வதில்லை. தொல்லை இல்லாத குழந்தைகளுக்கு அறவே வேண்டாம். இரைப்பைப் புற்றுநோய் வந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள், அடிக்கடி மேல்வயிற்றில் வலி வருகிறவர்கள், காரணம் தெரியாமல் இரும்புச் சத்து குறைந்துகொண்டே போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். படகுக்காரரின் மனைவி அந்தக் கடைசி வகை. மாதவிடாயிலும் பெரிய போக்கு இல்லை, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று, ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை தின்றும் ஹீமோகுளோபின் ஒன்பதுக்கு மேல் ஏறவில்லை. அழற்சி பிடித்த இரைப்பையில் அமிலம் குறைந்து இரும்பு சரியாக உறிஞ்சப்படாமல் போவது இந்தக் கிருமியின் இன்னொரு முகம். அவருக்கும் மலப் பரிசோதனை எழுதியாகிவிட்டது. கணவருடைய அட்டையிலிருந்து அவ்வப்போது எடுத்துப் போடும் கேஸ் மாத்திரையை மட்டும் இரண்டு வாரம் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.